தீபாவளிக்கு முப்பது பேர்: ஒரு ஜவுளிக்கடையின் ஆள்சேர்ப்புக் கணக்கு

கும்பகோணம் போன்ற ஒரு டெல்டா நகரத்தில் மூன்று தளம் கொண்ட ஒரு ஜவுளிக்கடை. கீழே சேலை, முதல் மாடியில் ஆண்கள் ரெடிமேட், இரண்டாம் மாடியில் சுடிதாரும் குழந்தைகள் துணியும். நிரந்தர ஊழியர்கள் நாற்பது பேர். இது ஒரு மாதிரிக் கடை. கீழே வரும் பில் எண்ணிக்கையும் நிமிடக் கணக்கும் போட்டுக் காட்டுவதற்காக வைத்தவை. தன் கடையின் எண்களை அதே இடத்தில் வைத்தால் யாருக்கும் தன் கணக்கு வந்துவிடும். தேதிகள் மட்டும் நிஜம்: 2026 தீபாவளி, நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.

தேதியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தீபாவளி 8ஆம் தேதி என்பதால் மாதச் சம்பளம் கடைசி வாரத்துக்குள் வந்து விழுகிறது. 2025இல் அக்டோபர் 20 வந்தபோது நிலைமை வேறு. முந்தைய மாதச் சம்பளம் பாதி செலவாகியிருந்தது, போனஸை நம்பித்தான் கூட்டம் வந்தது. 2026இல் அக்டோபர் 24, 25 ஒரு மிதமான கூட்டம். அக்டோபர் 31, நவம்பர் 1 பெரிய கூட்டம். நவம்பர் 5 முதல் 7 இரவு வரை கடைசி அலை. நடுவில் வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் மாலையைக் கெடுத்தால், அந்த நாளின் கூட்டம் மறுநாள் கூட்டத்தோடு சேர்ந்து வரும்.

எத்தனை பேர் வேண்டும்?

வழக்கமாக முதலாளி "போன வருஷம் இருபத்தஞ்சு பேர் எடுத்தோம், இந்த வருஷம் முப்பது எடுப்போம்" என்பார். வந்த முப்பது பேரையும் சேல்ஸுக்கு விடுவார்கள். புதியவருக்கு விலையும் தெரியாது, சரக்கும் தெரியாது. வாடிக்கையாளர் முன்னால் துணியைப் பிரித்துப் போடத்தான் தெரியும். பிரித்த துணியை மடித்து வைக்க ஆள் இருக்காது. மாலை ஏழு மணிக்கு மேஜை தெரியாத அளவுக்குத் துணி குவிந்து கிடக்கும்.

உச்ச நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரிய ஞாயிறு 1,200 பில் என்றால், மாலை 6 முதல் 9 வரை 450 பில் விழுகிறது, மணிக்கு 150. ஒரு பில்லுக்கு நான்கு உருப்படி விற்கிறது. அந்த நான்கைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆக ஒரு பில்லுக்குப் பதினொன்று திரும்ப மடிபட வேண்டும். மணிக்கு 1,650 உருப்படி. ஒன்றுக்குச் சராசரி ஒரு நிமிடம் என்றாலும் மடிக்க மட்டுமே 28 பேர் வேண்டும். பில் போடும் இடத்தில் இருக்கும் நெருக்கடி எல்லாருக்கும் கண்ணில் படுகிறது. மடிப்பில் இருக்கும் நெருக்கடி படுவதில்லை, ஏனென்றால் அதை சேல்ஸ்மேன்கள் இடையிடையே செய்துகொண்டே இருக்கிறார்கள். சேல்ஸ்மேன் மடிக்கும் நேரம் விற்காத நேரம்.

அதனால் முதல் வேலை ஆள் எடுப்பதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும்: பிரியும் துணியைக் குறைப்பது. பெட்டியில் வரும் சட்டையைப் பிரித்தால் குண்டூசி, காலர் பட்டை, அட்டை எல்லாம் கழலும். அதைப் பழையபடி கட்ட நான்கைந்து நிமிடம் ஆகும், குண்டூசி தரையில் விழுந்து குழந்தைகளின் காலில் ஏறும். ஒவ்வொரு டிசைனிலும் ஒரு பீஸை ஹேங்கரில் தொங்கவிட்டு, ஒவ்வொரு பிராண்டிலும் அளவுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் சட்டையைத் தனியே வைத்தால் பெட்டிச் சட்டையைப் பிரிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் போய்விடும். சேலையில் கட்டின் மேல் மடிப்பையும் முந்தியையும் மட்டும் காட்டிவிட்டு, வாடிக்கையாளர் ஒதுக்கி வைத்த மூன்றை மட்டும் முழுக்கப் பிரிப்பது. இப்படிப் பதினைந்தைப் பத்தாக்கினால் பில்லுக்கு ஆறுதான் திரும்பும். மணிக்கு 900, பதினைந்து பேர் போதும். பதின்மூன்று ஆளின் கூலி ஹேங்கரில் மிச்சமாகிறது.

பில் போடும் இடத்தில் ஒருவரே ஸ்கேன் செய்து, பணம் வாங்கி, சில்லறை கொடுத்தால் மூன்று நிமிடம். ஸ்கேன் செய்ய ஒரு புதியவரை உட்கார வைத்துப் பணத்தை நிரந்தர ஊழியர் மட்டும் தொட்டால் இரண்டு நிமிடம். எட்டு கவுண்டர் வேண்டிய இடத்தில் ஐந்து போதும், ஐந்து புதியவர்கள். டெலிவரியில் ஒரு பில்லைச் சரிபார்த்துப் பையில் போட இரண்டு நிமிடம் என்றால் அங்கும் ஐந்து பேர். டிரயல் ரூம், பை டோக்கன், மாடிப்படி மூன்றுக்கும் தலா ஒருவர். குடோனிலிருந்து சரக்கு ஏற்ற இருவர். மொத்தம் முப்பது. இதில் ஒருவருக்குக்கூட சேல்ஸ் வேலை கிடையாது. புதியவர்கள் சுற்றுவேலையை எடுத்துக்கொள்வதால் நாற்பது பழைய ஆட்களும் தங்களுக்குத் தெரிந்த விற்பனையிலும் பணத்திலும் நிற்கிறார்கள்.

எங்கிருந்து வருவார்கள்?

டெல்டாவில் அக்டோபர், நவம்பர் தாளடி நடவுக் காலம். விவசாயக் கூலிக்குப் போகும் பெண்களை அப்போது கடைக்கு எதிர்பார்க்க முடியாது. வந்தாலும் வயலில் கூப்பிட்டால் போய்விடுவார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நவம்பரில் செமஸ்டர் தேர்வு நெருங்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது போன வருடப் பட்டியல். அடுத்தது இப்போது வேலை செய்பவர்கள் கூட்டி வரும் உறவுக்காரர்கள். மூன்றாவது நகரத்துக்குள்ளேயே இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்கள், தையல் தெரிந்த பெண்கள். தையல் தெரிந்தவருக்குத் துணியின் நல்ல பக்கம், கெட்ட பக்கம் சொல்லித்தர வேண்டாம். உறவுக்காரர்களில் ஒரு சிக்கல் உண்டு: ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தால் அந்த வீட்டில் ஒரு காரியம் என்றதும் மூன்று பேரும் ஒன்றாகக் காணாமல் போவார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் என்பது நல்ல வரம்பு.

பத்தில் இரண்டு பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு 38 பேரைச் சேர்க்க வேண்டும். பதினெட்டு வயது முடியாதவர் வேண்டாம். ஆதாரில் பிறந்த தேதியைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றது. நேர்காணல் என்று உட்கார வைத்துப் பேசுவதால் பெரிதாக எதுவும் தெரியாது. பத்து நிமிடத்தில் மூன்று காரியம் கொடுத்துப் பார்க்கலாம். கலைந்து கிடக்கும் இருபது சட்டையிலிருந்து 40 அளவை மட்டும் எடுக்கச் சொல்வது. ஒரு சேலையை ஒரு தடவை மடித்துக் காட்டி, அதேபோல் மடிக்கச் சொல்வது. ஒரு டேக்கைக் கொடுத்து அதில் விலை எது, அளவு எது, சரக்கு எண் எது என்று கேட்பது. மூன்றாவதில் திணறுபவரை ஸ்கேனிங்கில் போடக்கூடாது, மடிப்பில் போடலாம்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று: "ராத்திரி எப்படிம்மா வீட்டுக்குப் போவ?" பஸ் எண்ணும் கடைசி வண்டியின் நேரமும் சட்டென்று சொல்பவர் நிலைப்பார். "அப்பா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்றால் அந்த அப்பாவிடம் ஒரு தடவை போனில் பேசிவிட வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்தத் தடத்தில் இருப்பவர்களுக்கு வேலை கட்டுப்படியாகும். வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வருபவர் மூன்றாம் நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நின்றுவிடக்கூடும்.

நேரமும் கூலியும்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து மணியைத் தாண்டக்கூடாது, அதற்கு இரட்டிப்புக் கூலி. நான்கு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர இடைவேளை உண்டு. இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டுமென்றால் அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பான வண்டியும் வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குள் போகாமல் இந்தக் கடை இரண்டு ஷிப்ட் வைக்கிறது: பெண்கள் காலை 11 முதல் இரவு 8, ஆண்கள் மதியம் 1 முதல் இரவு 10. எட்டு மணிக்கு மேல் பிரியும் துணியை அன்றிரவே மடிப்பதில்லை. பிரிவுவாரியாக, அளவுவாரியாகக் கூடையில் போட்டு வைத்தால் போதும். மறுநாள் பதினொரு மணிக்கு வரும் பெண்கள் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து மடித்துவிடுவார்கள். உட்கார்ந்து என்பதைச் சும்மா சொல்லவில்லை. 2021 திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும்; மடிப்பு மேஜைக்கு ஸ்டூல் போட்டால் வேலையும் தளராது.

வேலை நாட்கள் அக்டோபர் 24, 25, பிறகு அக்டோபர் 31 முதல் நவம்பர் 7 வரை. இந்த எட்டு நாளில் நவம்பர் 2, 3, 4 மூன்றில் ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் சுற்றுமுறையில் விடுமுறை. ஆக ஒன்பது வேலை நாள், ஒரு பயிற்சி நாள். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் முப்பது பேருக்கு ஒன்பது நாளுக்கு 1,62,000. பயிற்சி நாளுக்கு 38 பேருக்கு 22,800. பயிற்சி நாளுக்குக் கூலி கொடுக்காத கடைகள் உண்டு. அங்கே வேலை தேடி வந்தவர் அன்றைக்கே பக்கத்துக் கடைக்கும் போய்ப் பேசிவிட்டு வருகிறார். எந்தத் தொகை வைத்தாலும் அது கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகிறதா என்று அந்த வருட அகவிலைப்படியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்குமேல், நவம்பர் 7 இரவு வரை நிற்பவருக்கு 1,500 ரூபாய். முப்பது பேருக்கு 45,000. கூலியில் பிடித்து வைத்துக் கடைசியில் தருவது வேறு, இது வேறு. பிடித்து வைத்தால் சண்டை வரும், அது சட்டப்படியும் நிற்காது. கூலி வாரம்தோறும் முழுசாகப் போக வேண்டும். இந்தத் தொகை நின்றவருக்கான கூடுதல். இரண்டையும் நியமனக் கடிதத்தில் தேதியோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

தற்காலிக ஆள்தானே என்று இ.எஸ்.ஐ.யை விடமுடியாது. 600 ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது நான்கரை ரூபாய். கடையின் பங்கு 3.25 சதவீதம், பத்தொன்பதரை ரூபாய். மாடிப்படியில் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒருவர் கால் பிசகினால் இந்தப் பத்தொன்பதரை ரூபாயின் அருமை தெரியும். பி.எஃப்.இலும் ஊதிய வரம்புக்குள் வருபவருக்குத் தற்காலிகம் என்ற காரணத்தால் விலக்கில்லை.

அந்த ஒரு நாள்

பயிற்சி நாள் பெரிய கூட்டத்துக்கு முந்தின நாளாக இருக்கக்கூடாது, மிதமான கூட்டத்துக்கு முந்தின வாரநாளாக இருக்க வேண்டும். அக்டோபர் 21 புதன், 22 வியாழன். ஒரு நாளைக்குப் பத்தொன்பது பேர் என்று இரண்டு குழு. அப்போதுதான் மூன்று, நான்கு புதியவருக்கு ஒரு பழைய ஆளைக் கொடுக்க முடியும். கற்றது 24, 25இல் மிதமான கூட்டத்தில் ஒருமுறை உரசிப் பார்க்கப்படும். பெரிய கூட்டம் அதற்கு அடுத்த வாரம்தான்.

சொல்லித்தரும் பழைய ஆட்களுக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது, இதைப் பல கடைகள் கவனிப்பதில்லை. சேல்ஸ்மேனுக்கு விற்பனைக்கேற்ற இன்சென்டிவ் உண்டு. பயிற்சி கொடுக்கும் நாளில் அவர் விற்கமாட்டார். அந்த நாளுக்குத் தனியாக ஒரு தொகை வைக்காவிட்டால், அவர் புதியவர்களை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுவார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

காலை 9 மணி. ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு புகைப்படம், வீட்டில் ஒருவரின் போன் எண். நியமனக் கடிதம், அடையாள அட்டை, நேரம் எழுதிய சீட்டு. இதை 45 நிமிடத்தில் முடிக்க வேண்டுமென்றால் படிவத்தை முந்தின நாளே நிரப்பி வைத்திருக்க வேண்டும். அங்கே கையெழுத்து மட்டும். பிறகு கழிப்பறை, குடிதண்ணீர், சாப்பிடும் இடம், வெளியேறும் வழிகள் இரண்டும், தீயணைப்புக் கருவி. மாடிப்படியில் துணிக்கட்டை ஒருபோதும் வைக்கக்கூடாது என்பதை அந்தப் படியிலேயே நிறுத்திச் சொல்வது நல்லது.

10 மணிக்குத் தளம் தளமாக நடை. நடந்து காட்டினால் மட்டும் மனதில் நிற்காது. ஆளுக்குப் பத்து துணி கொடுத்து, டேக்கைப் பார்த்து அது அது இருக்க வேண்டிய ரேக்கில் வைத்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் நாலைந்து தப்பும். தப்பினதை அவரையே எடுத்து வரச் சொன்னால் இரண்டாம் சுற்றில் ஒன்றிரண்டாகக் குறையும். குழந்தைகள் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது: டேக்கில் இருக்கும் 22, 24 என்பது வயது இல்லை, அளவு. இதைத் தனியாகச் சொல்லாவிட்டால் புதியவர் வயதென்று நினைத்துக் குழம்புவார்.

11 முதல் 1 வரை அவரவருக்கு ஒதுக்கிய ஒரே வேலை. மடிப்புக்கு வந்தவர் சேலை, சட்டை, சுடிதார் மூன்றையும் கற்க வேண்டாம். ஒரு தளம், ஒரு மடிப்பு. சேலையில் பழைய மடிப்புத் தடத்திலேயே மடிக்க வேண்டும், முந்தி வெளியே தெரிய வேண்டும், டேக் எப்போதும் ஒரே பக்கம் வரவேண்டும். ஜரிகை உள்ள பட்டுச் சேலையைப் புதியவர் தொடவே கூடாது. தப்பான இடத்தில் மடிபட்ட ஜரிகை நிமிராது. அந்தச் சேலை அப்புறம் தள்ளுபடியில்தான் போகும். இருபது சேலை மடித்த பிறகு கை ஓட ஆரம்பிக்கும். நாற்பதாவதில் ஒரு நிமிடத்துக்கு வந்துவிட்டால் அவர் தேறிவிட்டார்.

டெலிவரிக்கு வந்தவருக்கு விதி ஒன்றுதான்: ஒரு பில், ஒரு தட்டு. அடுத்த பில்லின் துணி இந்தத் தட்டில் விழக்கூடாது. பில்லின் கடைசி மூன்று எண்ணை வாய்விட்டுச் சொல்லி, உருப்படியை எண்ணிக் காட்டிப் பையில் போட வேண்டும். "நானூத்திப் பன்னெண்டு, நாலு பீஸ், சரியாக்கா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு பை கைமாறும்.

சாப்பாட்டுக்குப் பின் 2 முதல் 4 வரை நிஜ வாடிக்கையாளர்களோடு, பக்கத்தில் பழைய ஆள் நிற்க. இங்கே எல்லாப் புதியவருக்கும் ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். விலை குறையுமா, இது சாயம் போகுமா, மாற்றித் தருவீர்களா என்று என்ன கேட்டாலும்: "கொஞ்சம் இருங்கக்கா, எங்க அண்ணனைக் கூப்பிடுறேன்." தெரியாமல் "மாத்தித் தருவாங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் தீபாவளி முடிந்த பிறகு கவுண்டரில் நின்று அந்தச் சண்டையை மேலாளர் போட வேண்டியிருக்கும்.

4 மணிக்கு ஒரு போலிக் கூட்டம். பழைய ஆட்கள் பத்துப் பேர் வாடிக்கையாளராக வந்து, ஒரே நேரத்தில் துணியைக் கலைத்து, பில் போட்டு, அவசரப்படுத்துவார்கள். இருபது நிமிடம் போதும். யார் பதறுகிறார், யார் நிதானமாக எண்ணுகிறார் என்று அதில் தெரிந்துவிடும். டெலிவரிக்குத் தேர்ந்தெடுத்தவரை மடிப்புக்கு மாற்ற இதுதான் கடைசி வாய்ப்பு. 5 மணிக்கு இடமும் ஷிப்ட்டும் உறுதி, 6 மணிக்கு அன்றைய கூலி கையில்.

எங்கே பிசகும்?

பெரிய பிசகு சத்தமில்லாமல் நடக்கும். 42 அளவுச் சட்டை 40 ரேக்கில் போய் உட்காரும். சேல்ஸ்மேன் 42 ரேக்கைப் பார்த்து "இல்லீங்க சார்" என்பார். வாடிக்கையாளர் இறங்கிப் போய்விடுவார். சரக்கு கடையில்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு: கம்ப்யூட்டரில் தளத்தில் ஆறு பீஸ் இருப்பதாகக் காட்டும் சரக்கையே குடோனிலிருந்து கேட்டு ஆள் வந்துகொண்டிருந்தால், அந்தத் தளத்தில் ரேக் கலந்துவிட்டது. அளவுக்கு ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டினால் பாதி குறையும். மீதிப் பாதி சந்தேகத்தால் வருவது. எங்கே வைப்பதென்று தெரியாத புதியவர் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, கிட்டே இருக்கும் ரேக்கில் செருகிவிடுவார். தளத்துக்கு ஒரு கூடை வைத்து, தெரியாததையெல்லாம் அதில் போடச் சொன்னால் போதும்; பழைய ஆள் ஒருவர் அரைமணிக்கு ஒருமுறை பிரித்து வைப்பார். முதல் நாள் அந்தக் கூடை நிரம்பி வழிந்தால் கவலை வேண்டாம். காலியாகவே இருந்தால்தான் ரேக்குகளைப் போய்ப் பார்க்க வேண்டும்.

பை மாறுவது அடுத்தது. ஒரு வாடிக்கையாளர் ஒரு பீஸ் குறைகிறது என்று திரும்பி வந்தால், அதே நேரத்தில் போன இன்னொரு பில்லில் ஒன்று கூடியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்து பில்களைப் பார்த்துப் போன் செய்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தட்டு விதியை எங்கே மீறினார்கள் என்றும் அதிலேயே தெரியும்.

ஆட்கள் வேலையை விட்டு நிற்பது இரண்டு தருணத்தில். முதல் வேலைநாள் முடிந்த இரவு, கால்வலியால். பிறகு நவம்பர் 6, 7இல், சொந்த வீட்டுத் தீபாவளியால். முதலாவதற்கு மறுநாள் காலையே சூப்பர்வைசர் போன் போட்டு "வர்றீங்கல்ல?" என்று கேட்பதும், மடிப்பு மேஜை ஸ்டூலும் உதவும். இரண்டாவதற்கு அந்த 1,500 ரூபாய். கூடவே, அவர்கள் வீட்டுத் துணியை ஊழியர் விலையில் நவம்பர் 4க்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஏழாம் தேதி மாலை அவரவர் பிள்ளைக்குச் சட்டை எடுக்க அவரவர் கிளம்பிவிடுவார்கள்.

நவம்பர் 7 இரவு கணக்கு முடிக்கும்போது நோட்டில் பெயருக்கு நேரே நான்கு கட்டம்: எந்தத் தளம், எந்த வேலை, எத்தனை நாள் வந்தார், மறுபடி கூப்பிடலாமா. நான்காவது கட்டத்தை மேலாளர் எழுதக்கூடாது. அந்தப் புதியவரின் பக்கத்தில் நின்று வேலை வாங்கிய பழைய ஆள் எழுத வேண்டும். பொங்கலுக்குப் பத்து வாரம்தான் இருக்கிறது.